பாட்டு வேகமானால் கால் வேகமாகும், நாடி?

"மெதுவான பாட்டுக்கு ஓடும்போது ஹார்ட் ரேட் 150 பக்கம் இருக்கிறது. வேகமான பாட்டு வந்ததும் 165-க்குப் போய்விடுகிறது, ஓடும் வேகமும் கூடுகிறது. இது உண்மையிலேயே டெம்போவால்தானா, இல்லை என் கற்பனையா? எனக்கு நானே சோதித்துப் பார்க்க முடியுமா?"

டெம்போ முதலில் பிடிப்பது காலை. காலடி எண்ணிக்கை கூடினால் ஓட்ட வேகம் கூடலாம், கூடாமலும் போகலாம். வேகம் கூடினால் நாடி ஏறும். வேகம் கூடாதபோது, பாட்டு மட்டும் வேகமானதால் நாடி ஏறுவது மிகச் சிறிது, பெரும்பாலோருக்கு அளந்து பிடிக்க முடியாத அளவு. நீங்கள் சொல்லும் 15 துடிப்பு ஏற்றத்தில் பாட்டின் பங்கு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் வாட்ச்சைச் சந்தேகப்படுவது நல்லது. 165 என்ற எண் கொஞ்சம் உறுத்துகிறது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நாற்காலியில் சும்மா உட்கார்ந்து கேட்டால் கதை வேறு. வேகமான இசைக்கு மூச்சும் நாடியும் கூடுவதையும், இசை நின்ற இடைவெளியில் அவை தணிவதையும் 2006-ல் இத்தாலியின் பெர்னார்டி குழு அளந்து காட்டியது. உட்கார்ந்திருக்கும் இதயத்தை வேகஸ் நரம்பு கடிவாளம் போட்டுப் பிடித்து வைத்திருக்கிறது. கடிவாளத்தைச் சற்றுத் தளர்த்தினாலே துடிப்பு சில எண்கள் ஏறிவிடும். ஓட ஆரம்பித்த பிறகு அந்தக் கடிவாளம் பெரும்பாலும் விடப்பட்டுவிடுகிறது. கால் தசைக்கு எவ்வளவு ரத்தம் வேண்டும் என்பதும், மூளை தசைகளுக்கு அனுப்பும் கட்டளையும், உடம்புச் சூடும்தான் அப்போது துடிப்பைத் தீர்மானிக்கின்றன. அந்த இரைச்சலுக்கு நடுவே காதுவழி வரும் தூண்டுதல் எடுபடுவதில்லை. உடற்பயிற்சியும் இசையும் பற்றி வந்த 139 ஆய்வுகளைத் திரட்டி 2020-ல் ஒரு பெரிய தொகுப்பாய்வு வெளியானது. இசையால் மனநிலை நன்றாகவே மேம்படுகிறது, செயல்திறன் ஓரளவு கூடுகிறது, சிரமம் குறைவாகத் தெரிகிறது, ஆனால் நாடித்துடிப்பில் நம்பத்தகுந்த மாற்றம் இல்லை என்றுதான் அதில் வந்தது.

கால் விஷயம் அப்படி இல்லை. தாளம் காதில் விழுந்தால் கால் அதோடு சேர்ந்துகொள்ளப் பார்க்கும். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் 2015-ல் வெளியான ஒரு சோதனையில், பொழுதுபோக்காக ஓடுபவர்களின் காலடி வேகத்துக்கே பாட்டைப் பொருத்திவிட்டு, பிறகு அதன் டெம்போவை ஒன்று முதல் மூன்று சதவீதம்வரை கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். தாளத்தோடு ஓடச் சொல்லவே இல்லை, ஆனாலும் கால்கள் தாமாகப் பின்தொடர்ந்தன. மாற்றம் ஏறக்குறைய மூன்று சதவீதத்துக்குள் இருக்கும்வரைதான் இந்த இழுப்பு நன்றாக வேலை செய்கிறது. உங்கள் இயல்பான காலடி நிமிடத்துக்கு 166 என்றால் நிமிடத்துக்கு 161 முதல் 171 தட்டு வரையிலான தாளம் உங்களை இழுக்கும். 185-ல் ஒரு பாட்டைப் போட்டால் கால் அதைக் கண்டுகொள்ளாமல் தன் பாட்டுக்குப் போகும். "பாஸ்ட் சாங் பிளேலிஸ்ட்" என்று கிடைப்பதைப் போட்டு ஓடிவிட்டு, ஒன்றும் ஆகவில்லை என்பவர்களுக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான்.

காலடி கூடினால் வேகமும் கூட வேண்டும் என்பதில்லை. வேகம் என்பது நிமிடத்துக்கு எத்தனை அடி, ஓர் அடியின் நீளம் எவ்வளவு என்ற இரண்டின் பெருக்கல். பேஸ் என்பது ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரம். 6 நிமிடப் பேஸில் ஓடுபவர் நிமிடத்துக்கு 166.7 மீட்டர் கடக்கிறார். காலடி 166 என்றால் ஓர் அடி ஒரு மீட்டருக்குச் சற்று மேல். பாட்டு அவரை 171-க்கு இழுக்கிறது, அடி நீளம் மாறவில்லை என்றால் பேஸ் 5:49 ஆகிவிடும். அதே நேரத்தில் அடி மூன்று சென்டிமீட்டர் குறுகினால் பேஸ் 6:00-லேயே நிற்கும். டிரெட்மில்லில் பெல்ட் வேகம் பூட்டப்பட்டிருப்பதால் இரண்டாவதுதான் நடக்கும். தரையில் ஆளுக்கு ஆள் வேறுபடும். அதனால் உங்கள் கேள்விக்கு ஒரே சோதனை போதாது. வேகத்தைப் பூட்டிவைத்து நாடியைப் பார்க்க ஒன்று, வேகத்தை விட்டுவிட்டு இரண்டையும் பார்க்க ஒன்று என இரண்டு வேண்டும்.

இப்போது வாட்ச். மணிக்கட்டு வாட்ச்சின் அடியில் பச்சை விளக்கு தோலுக்குள் பாய்ந்து, ரத்தம் ஒவ்வொரு துடிப்பிலும் பொங்கி அடங்குவதை ஒளி அளவில் பார்க்கிறது. கை வீச்சும் தோலடி ரத்தத்தைக் குலுக்குகிறது, அதுவும் காலடிக்குக் காலடி ஒழுங்கான தாளத்தில். வாட்ச் தளர்வாக இருந்தாலோ, கை குளிர்ந்திருந்தாலோ, மென்பொருள் இரண்டையும் குழப்பிக்கொண்டு காலடியையே நாடியாகக் காட்டிவிடும். காலடி எண்ணிக்கையைக் கேடன்ஸ் என்று சொல்லும் ஓட்டக்காரர்கள் இதை "கேடன்ஸ் லாக்" என்பார்கள். ஓடுபவரின் காலடி பெரும்பாலும் 155 முதல் 180 வரை, கடினமான ஓட்டத்தின் நாடியும் அதே எல்லைக்குள். அதனால் பார்த்தவுடன் தவறென்று தோன்றாது. நம் சோதனைக்கு இதைவிட மோசமான கோளாறு வேறில்லை. பாட்டு வேகமாகிறது, கால் வேகமாகிறது, வாட்ச் காலை எண்ணி "நாடி ஏறிவிட்டது" என்கிறது. நாடி பாட்டைப் பின்பற்றுவதாக அழகான வரைபடமே கிடைத்துவிடும், அத்தனையும் பொய்.

கண்டுபிடிப்பது எளிது. ஓட்டம் முடிந்ததும் செயலியில் நாடி வரைபடத்தையும் கேடன்ஸ் வரைபடத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். உண்மையான நாடி வளைந்து, ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு ஏறும், நடக்கத் தொடங்கியதும் மெதுவாக வழியும். கேடன்ஸ் லாக் ஆன கோடு பத்து வினாடிக்குள் 165-க்குத் தாவி அங்கேயே தட்டையாக நிற்கும். நடை தொடங்கியதும் சட்டென்று 115-க்கு விழும், ஏனென்றால் அது நடைக் காலடி. இரண்டு கோடுகளும் ஒட்டிப் போனால் அந்த ஓட்டத்தின் நாடியைக் குப்பையில் போட வேண்டியதுதான். இந்தச் சோதனைக்கு மார்பில் கட்டும் பட்டை வேண்டும். அது இதயத்தின் மின் துடிப்பை எண்ணுவதால் காலடியோடு குழம்பாது. மின்முனைகளைத் தண்ணீரில் நனைத்துக் கட்டுங்கள், உலர்ந்திருந்தால் வியர்க்கும்வரை முதல் சில நிமிடங்கள் தாறுமாறாகக் காட்டும். வாங்க வசதியில்லை என்றால் இரவல் வாங்குங்கள். விரலை வைத்து 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குவது இங்கே உதவாது. ஒரு துடிப்பு தவறினால் நான்கு தவறும், நின்ற கணத்திலிருந்து நாடி இறங்கவும் ஆரம்பித்துவிடும்.

அடுத்தது பாட்டைத் தயார் செய்வது. பெரும்பாலான வீட்டுச் சோதனைகள் இங்கேதான் கெடுகின்றன. மெதுவான மெலடி ஒன்றையும் வேகமான குத்துப் பாட்டு ஒன்றையும் எடுத்து ஒப்பிட்டால் நீங்கள் டெம்போவைச் சோதிக்கவில்லை. குரல், வாத்தியம், வரிகள், அந்தப் படம் வந்தபோது உங்களுக்கு என்ன வயது என்பதையெல்லாம் சேர்த்துச் சோதிக்கிறீர்கள். ஒரே பாட்டை எடுத்து, சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்றிய இரண்டு கோப்புகள் வேண்டும்.

முதலில் உங்கள் காலடியை எண்ணுங்கள். பாட்டு இல்லாமல், பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில் பத்து நிமிடம் ஓடி, வலது கால் தரையைத் தொடுவதை 30 வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். மூன்று முறை எண்ணிச் சராசரி எடுங்கள். 166 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். சோதனைக் கோப்புகள் 161, 171 என்ற இரு டெம்போவில் இருக்க வேண்டும்.

பிறகு பாட்டின் டெம்போ. டெம்போவை அளக்கும் செயலி சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். 82-ஐ 164 என்றும் 164-ஐ 82 என்றும் சொல்வது அவற்றின் வழக்கம். அது தொல்லையில்லை, 82 பாட்டுக்கு ஒரு தட்டுக்கு இரண்டு அடி வைத்தால் சரியாகப் பொருந்தும். நம் ஊர்க் குத்துப் பாட்டில்தான் உண்மையான பொறி. டப்பாங்குத்து பெரும்பாலும் திஸ்ர நடை, அதாவது ஒரு தட்டுக்குள் மூன்று சிறு அடி, தகிட தகிட என்று போகும். தட்டு நிமிடத்துக்கு 110 என்றால் சில செயலிகள் அதை 110 என்னும், சில 165 என்னும். உங்கள் காலடிக்கு 165 அழகாகப் பொருந்துகிறதே என்று எடுத்துக்கொண்டால், இரண்டு தட்டுக்கு மூன்று அடி வைக்க வேண்டியிருக்கும். ஒரு தட்டு காலடியோடு விழும், அடுத்தது இரண்டு அடிகளுக்கு நடுவே அந்தரத்தில் விழும். மிருதங்கம் தெரிந்தவர்கள் சமாளிப்பார்கள், மற்றவர்களுக்குக் கால் தாளத்தைப் பிடிக்காமல் நழுவிக்கொண்டே இருக்கும். இருந்த இடத்திலேயே நின்று பாட்டுக்குக் காலை மாற்றி மாற்றித் தூக்கி வையுங்கள். ஒவ்வொரு அடியும் ஒரு தட்டிலோ, தட்டின் சரிபாதியிலோ விழுந்தால் அந்தப் பாட்டு ஆகும். இல்லையென்றால் சதுஸ்ர நடையில், தகதிமி என்று எண்ண முடிகிற வேறு பாட்டைப் பாருங்கள்.

அப்படி ஒரு பாட்டைக் கையால் தட்டி எண்ணியபோது 30 வினாடிக்கு 82 தட்டு, அதாவது 164 வந்ததென்று கொள்வோம். அதில் தாள வாத்தியம் விடாமல் ஒலிக்கும் ஒன்றரை நிமிடத்தை வெட்டி எடுங்கள். முன்னிசையில் வெறும் வயலின் இழையும் பகுதி, நடுவில் பின்னணி நின்று குரல் மட்டும் வரும் பகுதி இவற்றையெல்லாம் விட்டுவிடுங்கள். ஒரு தாளச் சுற்று தொடங்கும் இடத்தில் வெட்டி, சுற்று முடியும் இடத்தில் நிறுத்தினால் திரும்பத் திரும்ப ஓடும்போது தாளம் இடறாது. வெட்டியதை `cut.wav` என்று சேமியுங்கள். எம்பி3-யாகச் சேமித்தால் கோப்பின் ஓரங்களில் சிறு மௌனம் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடுக்கல் வரும்.

161-ஐ 164-ஆல் வகுத்தால் 0.982. 171-ஐ வகுத்தால் 1.043. கணினியில் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் இருந்தால் இரண்டு வரிகளில் வேலை முடிந்தது:

```
ffmpeg -stream_loop 4 -i cut.wav -af "atempo=0.982,loudnorm" -ar 44100 -t 360 slow.mp3
ffmpeg -stream_loop 4 -i cut.wav -af "atempo=1.043,loudnorm" -ar 44100 -t 360 fast.mp3
```

`atempo` சுருதியைத் தொடாமல் வேகத்தை மட்டும் மாற்றும். `loudnorm` இரண்டின் சத்த அளவையும் ஒன்றாக்கும். சத்தம் கூடினாலே மனம் விறுவிறுப்பாகும் என்பதால் இதை விடக் கூடாது. `-t 360` என்பது ஆறு நிமிடம். கட்டளை எழுதப் பிடிக்காதவர்கள் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் `Change Tempo` பயன்படுத்தலாம். பக்கத்திலேயே இருக்கும் `Change Speed and Pitch`, பழைய பதிப்பில் `Change Speed`, சுருதியையும் சேர்த்து ஏற்றிவிடும், அதைத் தொட வேண்டாம்.

எது மெதுவானது, எது வேகமானது என்று உங்களுக்குத் தெரியாமல் இருந்தால் நல்லது. வீட்டில் யாரிடமாவது கோப்புகளுக்கு `x`, `y` என்று பெயர் மாற்றித் தரச் சொல்லுங்கள். அடுத்தடுத்துக் கேட்டால் ஆறு சதவீத வேறுபாடு காதுக்குத் தெரிந்துவிடத்தான் செய்யும், முழுமையாக மறைக்க முடியாது. ஆனாலும் விடையைப் பேனாவால் எழுதி வைத்துக்கொண்டு ஓடுவதைவிட இது மேல்.

முதல் சோதனை டிரெட்மில்லில். பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கிய பிறகு, மணிக்கு 9 கிலோமீட்டர் போல உங்களுக்கு வசதியான ஒரே வேகத்தில் ஆறு ஆறு நிமிடமாக நான்கு கட்டங்கள். இடையில் இரண்டு நிமிடம் நடை. கைப்பிடியைத் தொடக் கூடாது, உடம்பின் எடையில் கொஞ்சம் கைக்குப் போனாலும் நாடி இறங்கிவிடும். மின்விசிறி நான்கு கட்டத்திலும் ஒரே நிலையில் இருக்கட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் முதல் மூன்று நிமிடத்து நாடியைக் கணக்கில் சேர்க்காமல், கடைசி மூன்று நிமிடத்தின் சராசரியை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். வேகம் மாறாவிட்டாலும் நாடி ஒரு நிலைக்கு வர அவ்வளவு நேரம் ஆகும். காலடிச் சராசரியையும் அதே மூன்று நிமிடத்துக்கு எழுதுங்கள்.

பாட்டின் வரிசைதான் முக்கியம். மெது, வேகம் என்று இரண்டு கட்டம் ஓடி ஒப்பிட்டால் தவறான விடை ஏறக்குறைய நிச்சயம். ஒரே வேகத்தில் ஓடினாலும் நேரம் போகப்போக நாடி மெல்ல ஏறிக்கொண்டே போகும். வியர்வையில் நீர் குறைகிறது, சூட்டைத் தணிக்கத் தோலுக்கு ரத்தம் போகிறது, ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தம் சற்றுக் குறைவதால் இதயம் எண்ணிக்கையைக் கூட்டி ஈடுகட்டுகிறது. ஏசி இல்லாத ஜிம்மில் இது இன்னும் வேகமாக நடக்கும். கட்டத்துக்கு இரண்டு துடிப்பு ஏறுகிறது, பாட்டுக்கு எந்தப் பங்கும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு கட்டத்தில் 144, 146, 148, 150 வரும். முதல் இரண்டை மட்டும் பார்த்தால் வேகப் பாட்டு இரண்டு துடிப்பு ஏற்றியதாகத் தெரியும். வரிசையை மெது, வேகம், வேகம், மெது என்று வைத்தால் மெதுவுக்கு 144-ம் 150-ம் சேர்ந்து சராசரி 147. வேகத்துக்கு 146-ம் 148-ம் சேர்ந்து அதே 147. ஏற்றம் தன்னைத்தானே கழித்துக்கொண்டது. ஆனால் நாடி எப்போதும் நேர்கோட்டில் ஏறாது, தொடக்கத்தில் சற்று வேகமாக ஏறும். அதனால் அடுத்த நாள் வேகம், மெது, மெது, வேகம் என்று திருப்பிப் போடுங்கள், பெயர் மாற்றிய கோப்புகளானால் ஒரு நாள் `x y y x`, அடுத்த நாள் `y x x y`. முதல் நாள் எது என்பதற்கு நாணயம் சுண்டினால் போதும். ஒரு நாள் விட்டு ஒரு நாளாக ஆறு நாள். அதே நேரம், அதே காலணி, காபி குடிப்பதானால் எல்லா நாளும் அதே அளவு.

இந்த ஆறு நாளுக்கு முன் இரண்டு நாள் போலிச் சோதனை செய்யுங்கள். ஒரே கோப்பையே `x` என்றும் `y` என்றும் இரண்டு பெயரில் வைத்து இதே முறையில் ஓடுவது. கிடைக்கும் வித்தியாசம் பூஜ்யமாக இருக்க வேண்டும், இருக்காது. ஒரு துடிப்போ இரண்டு துடிப்போ வரும். அதுதான் உங்கள் அளவீட்டின் தற்செயல் ஏற்ற இறக்கம், அதற்குக் கீழே வரும் எதையும் பாட்டின் கணக்கில் எழுத முடியாது. பலர் சலிப்புப்பட்டு விட்டுவிடும் கட்டம் இது. ஆனால் இரண்டு துடிப்பு என்பது பெரிதா சிறிதா என்று இதைச் செய்யாமல் சொல்லவே முடியாது. வெவ்வேறு நாட்களை ஒப்பிட்டால் அந்த ஏற்ற இறக்கம் இன்னும் பெரிது. தூக்கம், வெயில், நேற்றைய ஓட்டம் காரணமாக ஒரே வேகத்துக்கு மூன்று நான்கு துடிப்பு ஏறி இறங்குவது சகஜம். அதனால்தான் ஒரே நாளுக்குள் இரண்டு டெம்போவையும் ஓடச் சொல்கிறேன்.

முடிவு எப்படி வரலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு, எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. ஒவ்வொரு நாளும் வேகப் பாட்டின் சராசரியிலிருந்து மெதுப் பாட்டின் சராசரியைக் கழிக்கிறோம். காலடியில் ஆறு நாளும் +4, +3, +5, +4, +2, +4. நாடியில் +1, −2, +2, 0, +1, −1. காலடி ஆறு நாளும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது. பாட்டுக்குத் தொடர்பே இல்லாவிட்டால், நாணயத்தை ஆறு முறை சுண்டி ஆறும் ஒரே முகமாக விழுவதற்குச் சமம் அது. வாய்ப்பு 64-ல் 2, ஏறக்குறைய மூன்று சதவீதம். நம்பலாம். நாடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி, சராசரி பூஜ்யத்தை ஒட்டி நிற்கிறது. ஆறில் ஐந்து நாள் ஒரு பக்கம் சாய்ந்து ஒரு நாள் மாறினால் அவசரப்பட வேண்டாம். அந்த அளவுக்கோ அதற்கு மேலோ சாய்வது தற்செயலாகவே நூற்றுக்கு 22 தடவை நடக்கும், இன்னும் சில நாள் ஓட வேண்டும்.

இரண்டாவது சோதனை மைதானத்தில். 400 மீட்டர் தடத்தின் உள் ஓரத்தில் மூன்று சுற்று ஒரு கட்டம், நான்கு கட்டம், அதே மாற்று வரிசை, இடையில் இரண்டு நிமிடம் நடை. மூன்று சுற்றுக்கு எட்டு நிமிடம்வரை ஆகலாம் என்பதால் கட்டளையில் `-t 540` என்றும் `-stream_loop 6` என்றும் மாற்றி நீளமான கோப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நீங்களே கொடுத்துக்கொள்ளும் கட்டளை ஒன்றுதான்: பேச முடிகிற, பாட முடியாத சிரமத்தில் ஓடு. வாட்ச்சின் முகத்தில் பேஸ் தெரியக் கூடாது, திரையில் கடிகாரத்தை மட்டும் வைத்து, கோட்டைக் கடக்கும்போது லேப் பொத்தானை அழுத்துங்கள். ஜிபிஎஸ் பேஸை எடுக்காதீர்கள். வளைவுகளில் அது ஓரிரு சதவீதம் தவறும், நாம் தேடும் வித்தியாசமே அவ்வளவுதான். சென்னை போன்ற ஊரில் காலை ஐந்தரைக்குத் தொடங்கிவிடுங்கள், ஏழு மணிக்கு வெயில் ஏறினால் நாடி ஏற்றம் கட்டத்துக்குக் கட்டம் எகிறும், மாற்று வரிசையாலும் அதைச் சரிக்கட்ட முடியாது. சிரமத்தை இன்னும் கூட்டி, மூச்சு வாங்கும் வேகத்துக்குப் போக வேண்டாம். அந்த நிலையில் உடம்பு அனுப்பும் செய்தியே மனத்தை நிறைத்துவிடும், சிரமம் குறைவாகத் தெரியச் செய்யும் பாட்டின் வேலை அங்கே பெரும்பாலும் அடிபட்டுப் போகும். சாலையில் இதைச் செய்யவே கூடாது, இரண்டு காதும் அடைபட்டிருக்கும்.

இங்கே கிடைக்கும் எண்களைத் தனித்தனியாகப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். மெதுப் பாட்டுக்கு 1200 மீட்டர் 7:36-ல் முடிந்தது, நாடி 152. வேகப் பாட்டுக்கு 7:27, நாடி 155. பேஸ் கிலோமீட்டருக்கு ஏழெட்டு வினாடி குறைந்திருக்கிறது, நாடி மூன்று ஏறியிருக்கிறது. "பாட்டு இரண்டையும் மாற்றிவிட்டது" என்று தோன்றும். நிமிடத்துக்குக் கடந்த தூரத்தை நாடியால் வகுத்துப் பாருங்கள், அதாவது ஒரு துடிப்புக்கு எத்தனை மீட்டர். முதலாவதில் நிமிடத்துக்கு 157.9 மீட்டர், ஒரு துடிப்புக்கு 1.04. இரண்டாவதில் 161.1 மீட்டர், ஒரு துடிப்புக்கு அதே 1.04. பாட்டு அவரை வேகமாக ஓட வைத்தது, கூடுதல் வேகத்துக்கான விலையை இதயம் வழக்கமான விகிதத்தில் கட்டியது. நாடி பின்தொடர்ந்தது வேகத்தை. இந்த எண் வேகப் பாட்டில் நாள் தவறாமல் கூடினால், அதே துடிப்புக்கு அதிக தூரம் போகிறீர்கள் என்று பொருள். நாள் தவறாமல் குறைந்தால், வேகம் கேட்டதைவிட நாடி அதிகம் ஏறுகிறது என்று பொருள். அப்போது முதலில் காலடியைப் பாருங்கள், இயல்பிலிருந்து வெகுதூரம் இழுக்கப்பட்ட கால் அதே வேகத்துக்கு அதிக ஆற்றல் செலவழிக்கும். அது கால்வழியாக வந்த ஏற்றம், பாட்டின் உற்சாகத்தால் வந்ததல்ல. உறுதி செய்ய வேண்டுமானால் அதே 171-ல் வெறும் மெட்ரோனோம் டிக் ஒலியை வைத்து ஒரு வாரம் ஓடுங்கள். டிக் ஒலிக்கும் அதே முடிவு வந்தால் வேலை செய்தது தாளம், பாட்டு இல்லை.

இதில் பலருக்குக் கெடும் இடம் இன்னொன்று உண்டு. ஒரே ஒன்றரை நிமிடத்தை ஆறு நாள் திரும்பத் திரும்பக் கேட்டால் வெறுப்பு வந்துவிடும், மூன்றாம் நாளுக்குள் காது அதை ஒதுக்க ஆரம்பிக்கும். மூன்று பாட்டுகளை இதே முறையில் தயார் செய்து, நாளுக்கு ஒன்று மாற்றுங்கள். ஒரு நாளுக்குள் மட்டும் பாட்டு மாறக் கூடாது. நாடியைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு நாடிக் கணக்கு பொருந்தாது, அவர்கள் காலடியையும் பேஸையும் மட்டும் பார்க்கலாம், அதுவும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு.

உங்கள் 150-க்கும் 165-க்கும் திரும்ப வருவோம். பழைய ஓட்டங்களின் வரைபடத்தைத் திறந்து, 165 என்று காட்டிய இடத்தில் கேடன்ஸ் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். அங்கேயும் 164, 165, 166 என்று இருந்தால் நாடி எங்கே இருந்தது என்றே உங்களுக்குத் தெரியாது, பட்டை கட்டி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கேடன்ஸ் 172, நாடி 165, பேஸ் அரை நிமிடம் குறைந்திருக்கிறது என்றால் ஏற்றம் உண்மையானதுதான், அதை வேகமாக ஓடியதன் கணக்கில் எழுதுங்கள். பேஸும் மாறாமல், கேடன்ஸும் ஒட்டாமல் 15 துடிப்பு ஏறியிருந்தால், அந்தப் பாட்டு ஓட்டத்தின் எத்தனையாவது நிமிடத்தில் வந்தது என்று பாருங்கள். பிளேலிஸ்ட்டை மெதுவில் தொடங்கி வேகத்தில் முடிப்பது பலருக்கும் வழக்கம்.